தீவு நாவலின் நடுப்பக்கம்

புங்குடுதீவைப் பற்றி எழுதப்படும் நாவல்கள் இப்போது பாரிஸிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் கணினிக் கோப்பாக வருகின்றன. அத்தியாயத் தலைப்புகளைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம். மடத்துவெளிப் பள்ளிக்கூடம், கண்ணகை அம்மன் திருவிழா, கொழும்பில் அப்பாவின் சாப்பாட்டுக்கடை, 1977 கலவரம், 1983 கலவரம், குறிகட்டுவான் துறையில் வள்ளத்துக்குக் காத்திருந்தது, 1991 இடப்பெயர்வு, வெளிநாட்டுக் குளிர், கடைசியில் கூரை விழுந்த வீட்டைத் திரும்பிவந்து பார்த்தது. ஒவ்வொரு அத்தியாயமும் உண்மை. பல அத்தியாயங்கள் தனியாக எடுத்துப் படித்தால் நல்ல சிறுகதைகள். ஆனால் ஒன்றாகப் படிக்கும்போது நூறாம் பக்கத்தில் கை தளர்ந்துவிடுகிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டியே ஆகவேண்டும் என்ற நெருக்குதல் எங்குமே இல்லை.

அன்று இது ஒரு குறையாகத் தெரியவில்லை. எழுபதுகளில் வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் ஈழத்து நாவல்களை வெளியிட்டபோது, தீவைப் பற்றிப் படித்தவர்களில் பலருக்குத் தீவு தெரியும். பெருங்காட்டுச் சந்தியும் வாணர் தாம்போதியும் பெயர் சொன்னாலே கண்முன் வந்துவிடும் வாசகர்கள் அவர்கள். நிகழ்ச்சிக்கும் நிகழ்ச்சிக்கும் இடையிலுள்ள இடைவெளியை அவர்களே தங்கள் நினைவால் நிரப்பிக்கொண்டார்கள். வாரத்தொடராக வந்த கதை என்றால் அந்தந்த வாரம் சுவையாக இருந்தாலே போதும். அப்படியிருந்தும் நல்ல எழுத்தாளர்கள் கட்டமைப்பைக் கைவிடவில்லை. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1973இல் வந்தது, களம் நெடுந்தீவு. பருவத்துக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்யும் மீனவர்களை வைத்து எழுதியதால் கதைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இயற்கையிலேயே கிடைத்துவிட்டன. காற்று மாறினால் அவர்கள் போயாக வேண்டும். அதற்குள் எல்லாம் நடந்து முடிய வேண்டும்.

இன்றைய வாசகர் வேறு. ரொறன்ரோவில் பிறந்த பேத்திக்கு மடத்துவெளி என்பது வெறும் பெயர். நினைவால் இட்டு நிரப்ப அவளிடம் ஒன்றுமில்லை. நிகழ்ச்சிகளை ஒன்றோடொன்று கட்டிக்கொடுக்கும் பொறுப்பு இப்போது முழுக்க எழுதுகிறவர் தலையில் இருக்கிறது. எழுதுகிறவரும் மாறியிருக்கிறார். எங்கள் ஆட்களில் பலர் தங்கள் வாழ்க்கையை முதன்முதலில் எழுத்தில் சொன்னது அகதி விண்ணப்பத்தில்தான். எந்த ஆண்டு, எந்த மாதம், எங்கே, யார், என்ன செய்தார்கள் என்று திகதி வரிசையில் சொல்ல வேண்டும். அதில் சொல்பவர் எப்போதும் பாதிக்கப்பட்டவர். அவர் என்ன விரும்பினார், எதை முடிவு செய்தார், அதனால் என்ன விளைந்தது என்று அங்கே யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. அந்த வடிவம் நாவலுக்குள்ளும் வந்து குந்திவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

பிரதி இப்படி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு வரியில் ஒவ்வொரு சிறு அட்டையில் எழுதுங்கள். மேசையில் வரிசையாக வைத்து ஏழாவதையும் ஒன்பதாவதையும் இடம் மாற்றுங்கள். மாற்றிய பிறகு திகதியைத் தவிர வேறெதையும் திருத்தத் தேவையில்லை என்றால் அந்த இரண்டும் கதையின் உறுப்புகளாக இல்லை. இந்த நோய் புதிதல்ல. நிகழ்ச்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்காமல் அடுத்தடுத்து வரும் கதையமைப்பே மிக மோசமானது என்று அரிஸ்டோட்டில் தம் கவிதையியலில் எழுதிவைத்தார்.

இதற்கு மருந்தாக இன்று எல்லோரும் சொல்வது மூன்று அங்க அமைப்பு. அமெரிக்கரான சிட் ஃபீல்ட் 1979இல் திரைக்கதைக்கு இதை வகுத்தார். 120 பக்கத் திரைக்கதையில் முதல் 30 பக்கம் தொடக்கம், அடுத்த 60 மோதல், கடைசி 30 முடிவு. அறுபது பக்க நடுப்பகுதி தொய்ந்துபோவதைப் பார்த்து, அதன் மத்தியில் ஒரு திருப்பம் வேண்டும் என்று பிறகு சேர்த்தார். சினிமாக்காரர் சொன்னது நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சிலப்பதிகாரத்தைக் காட்டுவேன். கண்ணகியை அம்மனாக வைத்துக் கும்பிடும் தீவிலிருந்து எழுதுகிறவர்கள் அதை ஒருமுறை கட்டமைப்புக்காகவே படிக்க வேண்டும்.

மூன்று காண்டம், முப்பது காதை. புகார்க் காண்டம் பத்து, மதுரைக் காண்டம் பதின்மூன்று, வஞ்சிக் காண்டம் ஏழு. பத்தாம் காதையில் இருவரும் புகாரை விட்டு நடக்கிறார்கள். பழைய வாழ்வுக்குத் திரும்ப வழியில்லை. சிலம்பை விற்று, இழந்த வாழ்வை மீண்டும் கட்டவேண்டும் என்பது கோவலனின் நோக்கம். முப்பதில் நடு எங்கே வருகிறது? பதினாறாம் காதை, கொலைக்களக் காதை. கதையின் நாயகன் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தவன் பாதியில் வெட்டுப்படுகிறான். இழந்த வாழ்வு திரும்புமா என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அங்கே செத்துப்போகிறது. நீதி கிடைக்குமா என்ற வேறு கேள்வி பிறக்கிறது. அதுவரை கணவன் பின்னால் அதிகம் பேசாமல் நடந்தவள் இருபதாம் காதையில் அரசன் முன் நின்று வழக்குரைக்கிறாள். பன்னிரண்டாம் காதையான வேட்டுவ வரியைப் பாருங்கள். வழியில் எயினர் கொற்றவையை வழிபடும் காட்சி; முதல் பார்வைக்குத் தனித் துண்டாகத்தான் தெரியும். ஆனால் அங்கே சாமியாடும் சாலினி, கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் கண்ணகியைப் பார்த்துப் பின்னால் வரப்போகும் பெருமையைச் சொல்லிவிடுகிறாள். கண்ணகி வெட்கப்பட்டுக் கணவன் பின்னால் மறைகிறாள். திருவிழாக் காட்சியை எப்படிக் கதைக்குள் கட்டுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இனி ஒரு பிரதியை எடுத்துச் செய்து பார்ப்போம். இந்த வகைப் பிரதிகளில் திரும்பத் திரும்ப வரும் பொருளை வைத்து நானே ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறேன். இருபத்திரண்டு அத்தியாயம். நாயகர் கொழும்பில் கடை வைத்திருக்கும் ஒரு மூத்த அண்ணன். தங்கையின் சீதனத்துக்கு ஊரில் கல்வீடு கட்டவேண்டும். 1977இல் கடை சூறையாடப்பட்டு ஊர் திரும்புகிறார். மீண்டும் போய்க் கடை திறக்கிறார். 1983இல் கடை எரிந்து, அகதிக் கப்பலில் காங்கேசன்துறை வருகிறார். பாரிஸ் போன தம்பியின் காசில் வீடு எழும்புகிறது. 1991இல் ஊரே கிளம்புகிறது. பல ஆண்டுக்குப் பின் திரும்பி வருகிறார். எழுதியவர் 1991ஐப் பதினோராம் அத்தியாயத்தில் வைத்து, நடுத்திருப்பம் சரியாக விழுந்துவிட்டது என்று நம்புகிறார்.

அது திருப்பம் ஆகாது. 1991 எல்லோருக்கும் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரரை நாயகராக்கினாலும் அந்த அத்தியாயம் அப்படியே இருக்கும். இந்த அண்ணன் எதை விரும்பினாரோ அந்த விருப்பமே தலைகீழாவதுதான் இவருடைய கதையின் நடு. அப்படியானால் பதினோராம் அத்தியாயத்தில் குடிபூரலை வைக்கலாம். வீடு முடிந்துவிட்டது, ஊர் கூடிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது. அன்று மாலை தங்கை சொல்கிறாள், “அண்ணை, மாப்பிள்ளை சுவிஸில. நான் இந்த வீட்டில இருக்கப்போறதில்லை.” வெற்றி கைக்கு வந்த அதே நாளில் அந்த வெற்றிக்குப் பொருள் இல்லாமல் போகிறது. வீட்டை எப்படிக் கட்டுவது என்ற கேள்வி முடிந்தது. வீட்டில் யார் இருப்பது என்ற கேள்வி தொடங்குகிறது. அதுவரை வெளியிலிருந்து அடி விழ விழ எழுந்துகொண்டிருந்தவர், இதற்குப் பிறகு தானே முடிவெடுக்கிறார். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று நிற்கிறார். அந்த முடிவின் விலையைக் குடும்பம் கொடுக்கிறது. இப்போது 1991 பதினாறாம் அத்தியாயத்துக்குப் போகிறது. அங்கே அதன் கனம் இரண்டு மடங்காகிறது, ஏனென்றால் போகவிடமாட்டேன் என்று நின்று அத்தனையும் இழந்தவர் கதவைப் பூட்டுகிறார். முன்பு அது ஊரின் துயரம் மட்டும். இப்போது அவருடைய தோல்வியும் கூட.

நடுவை மாற்றினால் முன்னும் பின்னும் வேலை இருக்கிறது. தங்கையின் பேச்சு திடீரென்று வானத்திலிருந்து விழக்கூடாது. நாலாம் அத்தியாயத்தில் வீட்டின் வரைபடத்தை அண்ணன் காட்டும்போது அவள் அறைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்பது அங்கே இருக்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்துக் கண்ணகை அம்மன் திருவிழா அழகான எழுத்து. ஆனால் எங்கு வைத்தாலும் பொருந்தும். அதை வெட்ட வேண்டாம். தேர் இழுபடும் நேரத்தில் அம்மா காப்பைக் கழற்றி, அடைவு வைத்துக் கடையைத் திற என்று மகன் கையில் கொடுக்கட்டும். அவர் மீண்டும் கொழும்புக்குப் போவதே முதல் அங்கத்தின் முடிவு. அடகு போன நகை அவரைத் திரும்பவிடாது. கடைசி அங்கத்தில் அவர் வரும்போது வீட்டில் வேறொரு குடும்பம் இருக்கிறது. காணி உறுதி அவர் பையில் இருக்கிறது. அவர்களை எழுப்புவதா, எழுதிக்கொடுப்பதா? எந்த விடையானாலும், வீட்டில் யார் இருப்பது என்று குடிபூரல் அன்று எழுந்த கேள்விக்கு அதுவே பதில். இடிந்த வீட்டைப் பார்த்து அழுதார் என்று முடித்தால் கேள்வி அந்தரத்தில் நின்றுவிடும்.

எல்லாப் பிரதிக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். புங்குடுதீவுக்காரரான மு. தளையசிங்கம் (1935–1973) கதை, கவிதை என்ற பிரிவுகளையே தாண்ட வேண்டும் என்று ‘மெய்யுள்’ என்ற வடிவத்தை முன்வைத்தார். பக்கத்து மண்ணான அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி 2001இல் வெளியிட்ட ‘கொரில்லா’வை ஓர் அகதி விண்ணப்பத்துடனேயே தொடங்கினார். துண்டு துண்டாகச் சொல்வதை அவர்கள் தெரிந்து தேர்ந்தார்கள், அந்தத் துண்டுகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். நினைவு வந்த வரிசையில் எழுதிப் போனது அதோடு சேராது. மூன்று அங்கத்தையும் பக்கக் கணக்கோடு சட்டம் போல் பிடித்துக்கொள்ள வேண்டாம். இளங்கோவே பதினாறாம் காதையில்தான் திருப்பினார், பதினைந்தில் அல்ல.

ஊரைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிரதியை அச்சுக்கு அனுப்புமுன் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே உங்கள் ஆளுக்கு ஏதோ நடக்கிறது என்பது போதாது. அதுவரை விரும்பியதை அவர் இனி விரும்ப முடியாமல் போகிறதா, அதனால் தானாக ஒரு முடிவெடுக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் பிரதியை உங்களிடமே வைத்து வேலை செய்யுங்கள்.