காரீயம் ஏன் இரண்டோடு நின்றுவிடுகிறது?

கரண்ட் போனதும் வீட்டு இன்வெர்ட்டருக்குக் கைகொடுக்கும் பேட்டரியில் பெரும்பாலும் இருப்பவை காரீயமும் கந்தக அமிலமும்தான். 1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே செய்து காட்டிய அதே வேதிவினைதான் இன்றும் அதற்குள் நடக்கிறது. ஒரு தகட்டில் வெறும் காரீயம் இருக்கிறது, மறு தகட்டில் கரும்பழுப்பு நிறமான காரீய டைஆக்சைடு. சார்ஜ் இறங்க இறங்க இரண்டு தகடுகளிலும் ஒரே பொருள் படிகிறது: வெள்ளை நிறக் காரீய சல்பேட். தொடக்கத்தில் வெவ்வேறாக இருந்த இரண்டும் முடிவில் ஒன்றாகிவிடுகின்றன.

ஓர் அணு சேர்மமாகும்போது எத்தனை எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்ததாகக் கணக்கு வைக்கிறோமோ, அதுவே அதன் ஆக்சிஜனேற்ற நிலை. வெறும் காரீயத்துக்கு அது சுழி, டைஆக்சைடில் +4, சல்பேட்டில் +2. ஆக, ஒரு தகட்டுக் காரீயம் கீழிருந்து ஏறி +2க்கு வருகிறது, மற்றொன்று மேலிருந்து இறங்கி அதே +2க்கு வருகிறது. இந்த இறக்கத்தில் காரீயம் காட்டும் வேகம்தான் பேட்டரியின் வோல்ட்டேஜில் பெரும்பகுதி.

தனிம வரிசை அட்டவணையின் 14ஆம் தொகுதியில் மேலிருந்து கீழாக கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம் என்று வரும். ஐந்துக்கும் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். இரண்டு எஸ் வகை, இரண்டு பி வகை. நான்கும் பிணைப்பில் ஈடுபட்டால் +4. பி எலக்ட்ரான்கள் மட்டும் போய், எஸ் ஜோடி அணுவோடே தங்கிவிட்டால் +2. கார்பனும் சிலிக்கானும் பெரும்பாலும் நான்கையும் கொடுக்கின்றன. கீழே போகப் போக எஸ் ஜோடி தங்கிவிடும் போக்கு கூடுகிறது. இதற்கு 'மந்த இணை விளைவு' என்று பாடப்புத்தகங்கள் பெயர் சொல்கின்றன. ஆங்கிலேய வேதியியலாளர் நெவில் சிட்ஜ்விக் 1920களில் வைத்த பெயர் அது.

தொகுதியின் கடைசி இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் நஞ்சு, அடுப்பங்கரைப் பக்கமே வரக்கூடாது. மண்ணுக்குள்ளேயே இரண்டும் வெவ்வேறு நிலையில்தான் கிடைக்கின்றன. வெள்ளீயத்தின் முக்கியத் தாதுவான கேசிட்டரைட் அதன் டைஆக்சைடு, அதாவது +4. காரீயத்தின் தாதுவான கலீனா சல்பைடு, அதில் காரீயம் +2.

கல்லூரி ஆய்வகத்தில் ஸ்டானஸ் குளோரைடு கரைசல் வைத்திருக்கும் பாட்டிலில் வெள்ளீயத் துண்டு ஒன்று கிடப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்தக் கரைசலில் வெள்ளீயம் +2 நிலையில் இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக +4 ஆக்கிவிடும். அப்படி ஆனதை உலோகத் துண்டு மறுபடி +2க்கு இழுத்துவருகிறது. கரைசல் கெட்டுவிட்டதா என்று பார்க்க அதில் சில சொட்டை மெர்குரிக் குளோரைடு கரைசலில் விடுவார்கள். நல்ல கரைசலென்றால் முதலில் வெள்ளை வீழ்படிவு வரும், மேலும் விட்டால் பாதரசம் பிரிந்து சாம்பல் நிறமாகும். ஒன்றும் நடக்கவில்லையென்றால் +2 தீர்ந்துபோயிற்று என்று பொருள். காரீயக் கரைசல்களுக்கு இந்தக் காவலே தேவையில்லை. லெட் நைட்ரேட் பாட்டில் எத்தனை மாதம் திறந்து கிடந்தாலும் +2 காரீயம் +2ஆகவே இருக்கும்.

ஆக்சைடுகளில் இந்த வரவு செலவை எண்களாகவே பார்க்கலாம். ஒரு மோல் வெள்ளீயம் முதல் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்து SnO ஆகும்போது ஏறத்தாழ 285 கிலோஜூல் வெளிப்படுகிறது. இரண்டாவது ஆக்சிஜன் சேர்ந்து SnO2 ஆகும்போது இன்னும் 295 அளவுக்குக் கிடைக்கிறது. முதலுக்குச் சற்றும் குறையாத வரவு என்பதால் வெள்ளீயம் +2இல் நிற்கக் காரணமே இல்லை. SnOவைக் காற்றில் சூடாக்கினால் எரிந்து டைஆக்சைடாகிவிடும். காரீயத்திலோ முதல் ஆக்சிஜனுக்கு 218 கிலோஜூல் வருகிறது, இரண்டாவதற்கு வெறும் 60.

அந்த 60 எவ்வளவு அற்பம் என்பதைச் சூடாக்கிப் பார்த்தால் தெரியும். ஆக்சிஜன் திடப்பொருளிலிருந்து விடுபட்டு வாயுவாகும்போது ஒழுங்கின்மை கூடுகிறது. அதனால் கிடைக்கும் ஆதாயம் இங்கே ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.1 கிலோஜூல். 60ஐ 0.1ஆல் வகுத்தால் 600 கெல்வின், அதாவது 300 டிகிரி செல்சியஸ் அருகே. உண்மையிலேயே காரீய டைஆக்சைடு ஏறத்தாழ அந்த வெப்பத்தில் ஆக்சிஜனை விடத் தொடங்குகிறது. இடையில் செவ்வீயம் என்ற சிவப்பு ஆக்சைடாகி, இன்னும் சூடேறினால் மஞ்சள் நிற PbOவில் வந்து நிற்கிறது. குளோரைடுகளிலும் இதே கதைதான். +4 நிலையிலுள்ள வெள்ளீய குளோரைடு 114 டிகிரியில் சிதையாமல் கொதிக்கும் திரவம். காரீயத்தின் +4 குளோரைடோ 50 டிகிரியைத் தாண்டும்போதே குளோரினை விட்டுச் சிதைகிறது, சில சமயம் வெடிக்கவும் செய்யும்.

எஸ் ஜோடியைப் பிரிப்பது கடினமாகிக்கொண்டே போவதால் இப்படி நடக்கிறது என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது பாதி விடைதான். மூன்றாவது, நான்காவது எலக்ட்ரான்களைப் பிரிக்க ஆகும் மொத்த ஆற்றல் ஜெர்மானியத்துக்கு 80 எலக்ட்ரான்வோல்ட், வெள்ளீயத்துக்கு 71, காரீயத்துக்கு 74. செலவு அதிகமுள்ள ஜெர்மானியம் +4ஐத்தான் விரும்புகிறது! காரணம், செலவழித்ததற்கு ஈடாகக் கிடைக்கும் பிணைப்புகள் அதற்கு வலுவானவை. கீழே போகப் போக அணு பெருக்கிறது, பிணைப்பு நீள்கிறது, அதன் வலு குறைகிறது. அதனால் கூடுதலாக இரண்டு பிணைப்புகள் கிடைத்தும் செலவு ஈடாவதில்லை.

ஆனாலும் வெள்ளீயத்தை விடப் பெரிய அணுவான காரீயத்தில் செலவு 71இலிருந்து 74ஆக ஏறியது ஏன்? பெரிய அணுவில் வெளி எலக்ட்ரான்கள் எளிதாகக் கழன்று வர வேண்டும் அல்லவா. ஒரு காரணம், இடையில் நிரம்பும் பதினான்கு எஃப் எலக்ட்ரான்கள் கருவின் இழுப்பைச் சரியாக மறைப்பதில்லை. இன்னொரு காரணத்தைச் சொல்ல ஐன்ஸ்டைனைக் கூப்பிட வேண்டும். காரீயத்தின் கருவில் 82 புரோட்டான்கள். அதன் இழுப்பில் உட்கூட்டு எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் சுமார் 60 விழுக்காட்டில் ஓடுகின்றன. 50 புரோட்டான் கொண்ட வெள்ளீயத்தில் இது 36 விழுக்காடுதான். இந்த வேகத்தில் எலக்ட்ரானின் நிறை கூடியதுபோல் ஆகி, அதன் பாதை கருவை நோக்கிச் சுருங்குகிறது. எஸ் வகை எலக்ட்ரான்கள் வெளிக்கூட்டில் இருந்தாலும் கருவுக்கு மிக அருகே வரை போய்வருபவை. அதனால் சுருக்கம் வெளி எஸ் ஜோடியையும் இழுத்துப் பிடிக்கிறது.

2011இல் ராஜீவ் அகூஜா, பெக்கா பியூக்கோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைப் பேட்டரிக்கே கணக்கிட்டார்கள். ஒரு செல் தரும் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியல் விளைவால் வருவது என்று அவர்கள் கண்டார்கள். அந்த விளைவு இல்லாவிட்டால் ஆறு செல் கொண்ட 12 வோல்ட் பேட்டரி இரண்டு வோல்ட்டைச் சுற்றியே நின்றிருக்கும். வெள்ளீயத்தில் கரைசலில் +4ஐயும் உலோகத்தையும் மோதவிட்டால் கிடைக்கும் உந்துதல் 0.3 வோல்ட்டுக்கும் குறைவு என்பது இதோடு ஒத்துப்போகிறது. பாட்டிலைக் காக்க அது போதும், வண்டியைக் கிளப்பப் போதாது.

இந்த விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. ஆக்சிஜன், குளோரின் போல எலக்ட்ரானைப் பலமாக இழுக்கும் அணுக்கள் சூழ்ந்தால்தான் காரீயம் +2ஐ நாடுகிறது. கார்பனோடு பிணைந்தால் +4ஐயே விரும்புகிறது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு வரை பெட்ரோலில் கலக்கப்பட்ட டெட்ராஎதில் லெட் அப்படிப்பட்டது. நான்கு கார்பன் பிணைப்புகளோடு அது கொள்கலனில் கெடாமல் இருந்தது. எஞ்சினில் எரிந்து ஆக்சிஜனையும் உடன் கலந்திருந்த புரோமினையும் சந்தித்ததும் +2 நிலையிலுள்ள புரோமைடாகிப் புகைக்குழாய் வழியே தெருவுக்கு வந்தது.