கொச்சிக்கு ஏன் 76 கவுன்சிலர்கள்?

கொச்சி மாநகராட்சியில் 2020 வரை 74 கவுன்சிலர்கள் இருந்தார்கள். 2025 டிசம்பரில் நடந்த தேர்தலில் 76 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கூடுதலாக வந்த இரண்டு இடங்களும் ஒரே காரணத்தால் வரவில்லை. ஒன்றைக் கொடுத்தது மக்கள்தொகை, இன்னொன்றைக் கொடுத்தது சட்டசபை. ஓர் ஊருக்கு எத்தனை கவுன்சிலர் என்பது எப்படி முடிவாகிறது என்று புரிந்துகொள்ள, இந்த இரண்டு இடங்களின் கதையைப் பார்த்தாலே போதும்.

இந்தியாவில் இதற்கென்று ஒரே கணக்கு கிடையாது. ஒரு மாநிலத்தில் உள்ள ஒரே வகை பஞ்சாயத்துகளில், மக்கள்தொகைக்கும் இடங்களுக்கும் உள்ள விகிதம் கூடுமானவரை சமமாக இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. எண்ணிக்கையை நிர்ணயிக்கும் பொறுப்பை மாநிலச் சட்டங்களிடம் விட்டுவிட்டது. கேரளத்தின் கணக்கு அவற்றில் தெளிவானது. பள்ளிக்கூட வாய்ப்பாடு தெரிந்த யாரும் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.

அதற்கு மூன்று எண்கள் வேண்டும். மிகச் சிறிய அமைப்புக்கும் கிடைக்கும் குறைந்தபட்ச இடங்கள் முதலாவது. அதற்கு மேல் எத்தனை பேருக்கு ஓர் இடம் கூடும் என்ற படி இரண்டாவது. எவ்வளவு பெரிய ஊரானாலும் தாண்ட முடியாத உச்சவரம்பு மூன்றாவது. 2024க்கு முன்பு மாநகராட்சிகளுக்கு இந்த விதி இப்படி இருந்தது: நான்கு லட்சம் பேர் வரை 55 இடங்கள், அதற்கு மேல் ஒவ்வொரு பத்தாயிரம் பேருக்கும் ஓர் இடம், உச்சவரம்பு 100.

கொச்சிக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 2001 கணக்கெடுப்பின்படி கொச்சியின் மக்கள்தொகை 5.95 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. நான்கு லட்சத்துக்கு 55 போக, மிச்சம் 1.95 லட்சம் சொச்சம். அதைப் பத்தாயிரத்தால் வகுத்தால் பத்தொன்பதரைக்கு மேல் வருகிறது. இந்த அரையை என்ன செய்வது? முழுதாகப் பத்தாயிரம் பேர் சேராதவரை அடுத்த இடம் இல்லை, எனவே மீதியை விட்டுவிடுவார்கள். 55ம் 19ம் சேர்ந்து 74. பழைய கொச்சி மாமன்றத்தின் எண்ணிக்கை இதுதான்.

2011 கணக்கெடுப்பில் கொச்சியின் மக்கள்தொகை 6.02 லட்சம் ஆனது. பத்து ஆண்டுகளில் கூடியவர்கள் ஏழாயிரம் பேருக்கும் குறைவு. ஆனாலும் ஆறு லட்சம் என்ற படியைத் தாண்டிவிட்டதால் பத்தொன்பது இருபதாகி, 74 என்பது 75 ஆகிவிடுகிறது. மீதியை விட்டுவிடும் கணக்கில் இப்படித்தான் நடக்கும். ஒரு நகரத்தில் ஒன்பதாயிரம் பேர் கூடியும் எதுவும் மாறாமல் போகலாம், இன்னொன்றில் சில நூறு பேர் கூடியதுமே ஓர் இடம் கிடைக்கலாம். கோழிக்கோடு மாநகராட்சியில் 2011இல் சுமார் 6.09 லட்சம் பேர். கொச்சியைவிட ஏழாயிரம் பேர் அதிகம், ஆனால் வகுத்தால் அங்கேயும் இருபதுதான் வருகிறது. அடுத்த படியைத் தொட சில நூறு பேர் குறைந்துவிட்டார்கள். அதனால் இன்று இரண்டு நகரங்களிலும் 76 கவுன்சிலர்கள்.

கொச்சிக்கு 75 ஆக வேண்டிய இடம் 2015, 2020 தேர்தல்களில் 74ஆகவே நின்றதையும் கவனிக்க வேண்டும். கணக்கெடுப்பு வெளியானதும் எண்ணிக்கை தானாக மாறிவிடாது. அரசு புதிய எண்ணிக்கையை அறிவித்து, வார்டு எல்லைகளைத் திருத்தினால்தான் அது நடைமுறைக்கு வரும். எனவே ஓர் ஊரின் வார்டு எண்ணிக்கை சட்டத்தின் கணக்கோடு ஒத்துவரவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது அது எந்தக் கணக்கெடுப்பை வைத்து நிர்ணயிக்கப்பட்டது என்பதைத்தான்.

இரண்டாவது இடம் வந்தது 2024 ஜூனில். கேரள சட்டசபை பஞ்சாயத்து, நகராட்சிச் சட்டங்களைத் திருத்தி, எல்லா நிலைகளிலும் குறைந்தபட்சத்தையும் உச்சவரம்பையும் ஒவ்வொன்று கூட்டியது. மாநகராட்சிக்கு 55 என்பது 56 ஆனது, 100 என்பது 101 ஆனது. கிராமப் பஞ்சாயத்தில் பதினைந்தாயிரம் பேர் வரை 13 என்றிருந்தது 14 ஆனது, உச்சவரம்பு 23இலிருந்து 24 ஆனது. அதற்கு மேல் 2,500 பேருக்கு ஓர் இடம் என்ற படி மாறவில்லை. இந்தத் திருத்தமும் மக்கள்தொகை மாற்றமும் சேர்ந்து மாநிலம் முழுவதும் உள்ளாட்சி வார்டுகளை 21,900இலிருந்து 23,612 ஆக்கின.

கிராமப் பஞ்சாயத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தத் திருத்தத்தின் பங்கு இன்னும் துலக்கமாகத் தெரியும். 941 பஞ்சாயத்துகளில் 15,962 வார்டுகள் இருந்தன, அவை 17,337 ஆகின. கூடியவை 1,375. பஞ்சாயத்துக்கு ஒன்று வீதம் திருத்தம் கொடுத்தவை மட்டும் 941. மக்கள்தொகை மாற்றத்தால் நிகரமாக வந்தவை எஞ்சிய நானூற்றுச் சொச்சம்தான். பத்தனம்திட்டா, இடுக்கி மாவட்டங்களில் 2001க்கும் 2011க்கும் இடையே மக்கள்தொகையே குறைந்துவிட்டது. அப்படிக் குறைந்து ஒரு படி கீழே இறங்கிய ஊருக்கு ஓர் இடம் போயிருக்க வேண்டும். திருத்தம் ஒன்றைக் கூட்டியதால் அங்கே எண்ணிக்கை பழையபடியே நின்றுவிடும்.

குறைந்தபட்சமும் உச்சவரம்பும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை இரண்டு பஞ்சாயத்துகளில் பார்க்கலாம். இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கிறது இடமலைக்குடி. மூணாறு பஞ்சாயத்திலிருந்து பிரித்து 2010இல் உருவாக்கப்பட்ட பழங்குடிப் பஞ்சாயத்து இது. மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று தங்கள் மரபைச் சொல்லும் முதுவர்கள் வாழும் இடம். மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். குறைந்தபட்ச விதிப்படி இங்கேயும் 13 வார்டுகள் இருந்தன, இப்போது 14. ஓர் உறுப்பினருக்கு நூற்றைம்பது பேர் அளவில்தான் வருகிறது. கோழிக்கோட்டை ஒட்டிய ஒளவண்ணா பஞ்சாயத்தில் 2011இலேயே 68 ஆயிரம் பேர் இருந்தார்கள். வெறும் படிக் கணக்கு போட்டால் பதினைந்தாயிரத்துக்கு 14, மீதி 53 ஆயிரத்துக்கு 21, ஆக 35 இடங்கள் வேண்டும். ஆனால் நாற்பதாயிரம் பேரைத் தொடும்போதே உச்சவரம்பான 24 வந்துவிடுகிறது. அதற்கு மேல் இருக்கும் 28 ஆயிரம் பேருக்காக ஓர் இடம்கூடக் கூடவில்லை. அங்கே ஓர் உறுப்பினர் ஏறத்தாழ 2,850 பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இடமலைக்குடிக்குக் குறைந்தபட்சம் தேவைதான். குடிகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் மலைகளில் சிதறிக் கிடக்கும் ஊரில், மக்கள்தொகையை மட்டும் பார்த்து ஒன்றோ இரண்டோ உறுப்பினர் என்றால் பஞ்சாயத்தே நடக்காது. உச்சவரம்புக்கு அவ்வளவு வலுவான நியாயம் இல்லை. நகரத்தின் ஓரத்தில் வேகமாக வீங்கும் பஞ்சாயத்துகளைத்தான் அது தாக்குகிறது. தெருவிளக்கு, ஓடை, குப்பை என்று வேலை அதிகமாகும் இடத்திலேயே ஆள் குறைகிறது. இந்த உச்சவரம்பைத் தளர்த்தாமல் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி ஓர் இடத்தைக் கூட்டியது 2024 திருத்தத்தின் பெரிய குறை.

சென்னையோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் நமக்கு இன்னும் உறைக்கும். விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியில் 2011 கணக்குப்படி சுமார் 67 லட்சம் பேர், வார்டுகள் 200. ஒரு கவுன்சிலருக்கு முப்பத்து மூவாயிரம் பேருக்கு மேல். கொச்சியில் அதே கணக்கெடுப்புப்படி சுமார் எட்டாயிரம் பேர்தான்.

ஓர் இடம் கூடினால் வேறு சிலவும் சத்தமில்லாமல் மாறுகின்றன. கேரளத்தில் பாதி இடங்கள் பெண்களுக்கு. 13 உறுப்பினர் பஞ்சாயத்தில் பாதி என்பது ஆறரை, அதை ஏழாக எடுத்துக்கொள்வார்கள். 14 ஆனாலும் பெண்களுக்கு அதே ஏழுதான். ஆகவே புதிய இடம் ஒதுக்கீட்டுக்கு வெளியே போய்ச் சேர்கிறது. 13 ஒற்றைப்படை, 14 இரட்டைப்படை என்பதும் முக்கியம். இரு அணிகள் மோதும் ஊரில் 7க்கு 7 என்று நின்றுவிட்டால், பஞ்சாயத்துத் தலைவரைக் குலுக்கல் போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இந்தத் திருத்தம் நீதிமன்றத்துக்கும் போனது. சில நகராட்சிகளில் 2015லேயே 2011 கணக்கெடுப்பை வைத்து வார்டுகளைப் பிரித்திருந்தார்கள். புதிய கணக்கெடுப்பு எதுவும் வராத நிலையில் அங்கே மீண்டும் வார்டைக் கூட்டியது செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது, புதிய எண்ணிக்கையே நிலைத்தது.

எண்ணிக்கை உறுதியானதும் வேலை மாநிலத் தேர்தல் ஆணையரின் தலைமையில் உள்ள வார்டு மறுவரையறை ஆணையத்திடம் போகும். மொத்த மக்கள்தொகையை வார்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி காண்பார்கள். ஒவ்வொரு வார்டும் அந்தச் சராசரியை ஒட்டி இருக்க வேண்டும். வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். எல்லைக் கோடு எந்தத் தெருவில் போகிறது என்று மக்கள் சண்டை போடுவது இந்தக் கட்டத்தில்தான். எத்தனை வார்டு என்ற கேள்வி அதற்கு முன்பே முடிந்துவிட்டிருக்கும்.

இந்தக் கணக்கில் வாக்காளர் பட்டியலுக்கு இடமில்லை. கைக்குழந்தை முதல், ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து தங்கியிருக்கும் தொழிலாளர் வரை, கணக்கெடுப்பில் பதிவான எல்லாத் தலையும் சேரும். வளைகுடாவில் வேலை பார்ப்பவர் அந்த நேரத்தில் ஊரில் குடியிருப்பவராகப் பதிவாவதில்லை. அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தாலும் இந்தக் கணக்கில் ஊருக்குச் சேராது.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால், 2025இல் வந்த கவுன்சிலர்களின் எண்ணிக்கையும் பதினான்கு ஆண்டு பழைய தலைக்கணக்கின் மேல்தான் நிற்கிறது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படைத் தேதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலுக்கு வரும்போது, குழந்தைகளையும் வாடகை அறையில் தங்கியிருக்கும் தொழிலாளர்களையும் விட்டுவிடாமல் எல்லோரையும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். படியைத் தொடச் சில நூறு பேர் குறைந்தால் ஊருக்கு வர வேண்டிய ஓர் இடம் வராமல் போய்விடும்.