கலயம் ஒன்று, பிள்ளைகள் இரண்டு

பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பியை ஒரே காரில் எப்படி ஏற்றுவது? கல்யாணம் காதுகுத்து என்றால் ஆளுக்கொரு பஸ் பிடித்து வந்து, ஆளுக்கொரு பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்பாவின் அஸ்தியைக் கரைக்க வேண்டும் என்றால் அந்த வழி அடைபடுகிறது. இருப்பது ஒரே கலயம். உலகம் முழுக்கக் கதாசிரியர்கள் இந்தக் கலயத்தைத் தேடி வருவதற்குக் காரணம் இதுதான்.

ஆங்கிலத்தில் இதற்கு நல்ல உதாரணம், 1996இல் புக்கர் பரிசு வாங்கிய கிரகாம் ஸ்விஃப்டின் ‘லாஸ்ட் ஆர்டர்ஸ்’ நாவல். லண்டன் கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் சாம்பலை அவருடைய வளர்ப்பு மகனும் மூன்று சிநேகிதர்களும் மார்கேட் என்ற கடலோர ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். பாதி வழியில் ஒரு வயல்வெளியில் மகன் இறங்கி, சாம்பலை அங்கேயே கொஞ்சம் தூவ ஆரம்பிக்கிறான். ஒருவர் தடுக்கப் போக, அடிதடியாகிவிடுகிறது. அப்பாவை எங்கே விடுவது என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பதே அந்தச் சண்டையின் சாரம்.

நம் ஊரில் அந்த உரிமையைச் சடங்கே பங்கு பிரித்து வைத்திருக்கிறது. அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி, அம்மாவுக்கு இளைய மகன் கொள்ளி என்பது தமிழ்நாட்டில் பல சமூகங்களின் வழக்கம். மதுரையிலிருந்து பிரயாகைக்குக் கிளம்பும் இரண்டு பேரை வைத்து எழுதிப் பார்ப்போம். கொள்ளி வைத்தவன் அண்ணன், எனவே கலயம் அவன் மடியில். கார் தம்பியுடையது, ஓட்டுபவனும் அவனே. அண்ணனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தம்பிக்குச் சடங்கில் வேலையில்லை. ஒருவனில்லாமல் மற்றவன் போக முடியாது. கதைக்கு இவ்வளவு போதும்.

கலயத்தில் இருப்பது என்ன? ஓர் ஆளை எரித்தால் மிஞ்சுவது சுமார் 2 முதல் 3 கிலோ. தூர தேசத்துக்கு அதில் சில எலும்புத் துண்டுகளும் ஒரு பிடி சாம்பலும் மட்டும் போகும். மீதி உள்ளூர் ஆற்றிலோ கடலிலோ கரைந்துவிடும். சஞ்சயனத்தின்போது பாலும் தண்ணீரும் தெளிப்பதால் எலும்பு ஈரமாக இருக்கும். உலர்த்தாமல் வாயைக் கட்டினால் இரண்டாம் நாள் துணியில் கறை தெரியும், வாடையும் வரும். மண்கலயம் காரில் உருளும் என்பதால் பிளாஸ்டிக் வாளிக்குள் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்து, நடுவில் உட்கார்த்துவது நல்லது.

மதுரையிலிருந்து பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர் வழியாகப் பிரயாகை சுமார் 2,100 கிலோமீட்டர். எப்படி ஓட்டினாலும் வழியில் இரண்டு மூன்று ராத்திரி தங்கியாக வேண்டும். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அதை லாட்ஜ் அறைக்குள் எடுத்துப் போவார்களா? மாட்டார்கள். காரில் தனியாக விடவும் மனசு வராது. ஆக, ஒருவன் அறையில் படுப்பான், ஒருவன் காரில் காவலிருப்பான். யார் எங்கே என்று பேசத்தான் வேண்டும்.

“நீ மேல போய்ப் படு. காலைல வண்டி ஓட்டணும்.”

“உங்களுக்கு இடுப்பு வலிண்ணே. நீங்க போங்க.”

வருஷக்கணக்கான மௌனத்துக்குப் பிறகு முதல் பேச்சு இப்படித்தான் இருக்கும். நிலத்தகராறு இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது. நாக்பூர் தாண்டியதும் பெஞ்ச் காட்டுப் பகுதியில் சாலையைத் தூண்கள்மேல் உயர்த்தியிருக்கிறார்கள். புலியும் மானும் அடியில் கடக்கின்றன. தகராறை எடுக்க அங்கே ஓர் எழுத்தாளனுக்குக் கை துறுதுறுக்கும். எடுக்காமல் இருப்பது மேல். இப்படிப்பட்டவர்கள் டோல்கேட்டில் பணம் யார் கட்டுவது என்பதில்தான் வெடிப்பார்கள்.

சங்கமத்தில் படகு பேரம், புரோகிதர் தட்சிணை எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். காற்றுக்கு எதிரே நின்று தூவினால் சாம்பல் முகத்திலேயே வந்து விழும். தண்ணீரை ஒட்டிக் குனிந்து கலயத்தைச் சாய்க்க வேண்டும். ஆடும் படகில் ஒருவன் குனிய, மற்றவன் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சினிமா இங்கே முடிந்துவிடும். காசி யாத்திரை மரபு முடியவிடாது: ராமேஸ்வரத்து மணலைத் திரிவேணியில் கரைத்தவர்கள் கங்கை நீரை எடுத்துவந்து ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். இவர்களும் ஒரு செம்பில் கங்கை நீர் எடுக்கிறார்கள். சாவு நடந்த வீட்டார் பலரும் ஒரு வருஷம் கோயிலுக்குப் போவதில்லை. ஆகவே தலைத்திவசம்வரை செம்பு காத்திருக்கும். இங்கே இன்னொரு வழக்கம் குறுக்கே வருகிறது. சொத்து பிரியாத சகோதரர்கள் என்றால் அண்ணன் திவசம் கொடுத்தால் போதும். பாகம் பிரிந்தவர்கள் தனித்தனியே கொடுக்க வேண்டும். நிலப் பத்திரத்தில் கையெழுத்தாகிவிட்டதா இல்லையா என்பதைப் பொறுத்து, அடுத்த வருஷம் அந்தத் திதியன்று மதுரையில் இலை விழுவது ஒரு வீட்டிலா, இரண்டு வீட்டிலா என்பது தெரியும். செம்பு இப்போதைக்குத் தம்பியின் கார் டிக்கியில் இருக்கிறது.