ஒரு வாரம் கழித்து ஒரு சின்ன மெயில்

ரெஸ்யூமே அனுப்பி ஒரு வாரமாகியும் பதில் இல்லையா? புதிதாக மெயில் தொடங்காதீர்கள். முன்பு அனுப்பிய மெயிலைத் திறந்து, அதன் தொடர்ச்சியாகவே எழுதுங்கள். பல வேலைகளுக்கு ஒரே சமயத்தில் ஆள் தேடும் எச்.ஆர். அதிகாரி உங்கள் பழைய மெயிலைத் தேடி அலைய வேண்டியிருக்காது. ஆனால் ரிப்ளையில் பழைய ஃபைல் பெரும்பாலும் கூடவே போகாது. ரெஸ்யூமேயை மறுபடி இணைத்துவிடுங்கள்.

அக்கவுண்டன்ட் வேலைக்கு விண்ணப்பித்தவர் இப்படி எழுதலாம்:

"வணக்கம் மேடம். அக்கவுண்டன்ட் பணிக்கு ஜூன் 3 அன்று விண்ணப்பித்திருந்தேன். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலைகளில் 4 ஆண்டு அனுபவம் உண்டு. 30 நாள் நோட்டீஸ் முடிந்ததும் சேர முடியும். தேர்வு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். நன்றி."

கீழே பெயரும் கைபேசி எண்ணும் போதும்.

இதில் நோட்டீஸ் பற்றிய வரிக்குத்தான் மதிப்பு அதிகம். எப்போது சேர முடியும் என்பது எச்.ஆர். எப்படியும் கேட்கிற கேள்வி. "இன்னும் ஏன் பதில் இல்லை?" என்ற தொனி மட்டும் கூடாது. விளம்பரத்தில் கடைசித் தேதி இருந்தால், ஒரு வாரத்தை அதிலிருந்து எண்ணுங்கள். இதற்கும் பதில் வராவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு முறை கேட்கலாம். அதோடு நிறுத்திவிட்டு வேறு இடம் பாருங்கள்.