மருந்துத் தாளில் முதலில் எதைப் படிப்பது?

மருந்துப் பெட்டியைத் திறந்தால், எட்டாகப் பதினாறாக மடித்த மெல்லிய தாள் ஒன்று மாத்திரை அட்டையோடு சேர்ந்து வெளியே வரும். பலர் அதைப் பிரிக்காமலேயே பெட்டியோடு குப்பையில் போட்டுவிடுவார்கள். பிரித்துப் படிப்பவர்கள் பெரும்பாலும் பக்கவிளைவுகள் உள்ள பகுதிக்குத்தான் நேரே போவார்கள். அங்கே மாரடைப்பு முதல் முடி கொட்டுவது வரை எல்லாம் வரிசையாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துபோய், "இந்த மருந்தை நம்பிச் சாப்பிடலாமா?" என்று என்னிடம் வந்து கேட்பார்கள்.

மருந்தகத்தில் மருந்தாளராக வேலை செய்யும் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "யார் சாப்பிடக்கூடாது என்று போட்டிருக்கிற பகுதியைப் படித்தீர்களா?" பத்தில் ஒன்பது பேர் படித்திருக்க மாட்டார்கள்.

மூன்று பகுதி, மூன்று கேள்வி

நம் நாட்டில் இரண்டு வகையான தாள்கள் கிடைக்கின்றன. ஒன்று மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது. பொடி எழுத்து, கடினமான ஆங்கிலம். மற்றொன்று பயனீட்டாளருக்கானது. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இதை 'ரிமப்' என்று சுருக்கமாகச் சொல்வோம். எந்தத் தாளாக இருந்தாலும் நாம் தேட வேண்டியவை மூன்று பகுதிகள்.

முதலாவது, 'இண்டிகேஷன்ஸ்'. இந்த மருந்து எந்த நோய்க்கு என்று சொல்வது. பயனீட்டாளர் தாளில் இது 'எதற்காகப் பயன்படுகிறது' என்ற பொருள்படும் தலைப்பில் முதலிலேயே வந்துவிடும்.

இரண்டாவது, 'கான்ட்ரா இண்டிகேஷன்ஸ்'. அந்த நோய் இருந்தாலும் யார் இந்த மருந்தைச் சாப்பிடக்கூடாது என்று சொல்வது. பயனீட்டாளர் தாளில் இதைப் 'பயன்படுத்துவதற்கு முன்' என்ற தலைப்பின் கீழ் தேட வேண்டும். மற்ற மருந்துகளோடு சேர்த்துச் சாப்பிடுவது பற்றிய குறிப்பும் அதே இடத்தில்தான் இருக்கும்.

மூன்றாவது, பக்கவிளைவுகள். மலாயில் 'கெசான் சம்பிஙான்'. சாப்பிட்ட பிறகு என்னென்ன வரக்கூடும் என்று சொல்வது. இது தாளின் பிற்பகுதியில் வரும்.

முதல் பகுதி நோயைப் பற்றியது. இரண்டாவது பகுதி உங்களைப் பற்றியது. மூன்றாவது, வரலாம் அல்லது வராமலும் போகலாம் என்பதைப் பற்றியது. இந்த வேறுபாடு தெரியாததால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

ஒரே முட்டிவலி, இரண்டு பெண்கள்

வாடிக்கையாளர் ஒருவர், முப்பது வயது இருக்கும், ஒரு நாள் மாலை டைக்ளோஃபெனாக் மாத்திரையோடும் அதன் தாளோடும் வந்தார். அவருடைய அம்மாவுக்கு 64 வயது. மூட்டுத் தேய்மானத்தால் முட்டிவலி. பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் அதே வலி. மருத்துவர் அவருக்குக் கொடுத்த மாத்திரையில் மீதி இருந்ததை, "எனக்கு நல்லா கேட்டுச்சு, நீங்களும் போட்டுப் பாருங்க" என்று கொடுத்திருக்கிறார். மூன்று நாளாகச் சாப்பிடுகிறார். வலி குறைந்துவிட்டது.

"அக்கா, இதில் மாரடைப்பு வரும், கல்லீரல் கெடும் என்றெல்லாம் போட்டிருக்கிறதே, நிறுத்திவிடலாமா?" என்று தம்பி கேட்டார்.

தாளை மேசையில் விரித்து முதல் பகுதியிலிருந்து தொடங்கினோம். எதற்காக என்ற இடத்தில் மூட்டுத் தேய்மானம் இருந்தது. அம்மாவின் நோயோடு பொருந்துகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் நோயோடும் பொருந்துகிறது. மருந்தை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளத் தூண்டுவதே இந்தப் பொருத்தம்தான். இரண்டு பேருக்கும் வலி ஒன்றுதான், ஆனால் உடம்பு ஒன்றல்ல.

அடுத்து, யார் சாப்பிடக்கூடாது என்ற பகுதி. இங்கே ஒரு சிக்கல் உண்டு. தாளில் மருத்துவர் மொழியில் இருக்கும், நோயாளிக்குத் தன் நோய் வீட்டு மொழியில்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு வரியையும் நான் கேள்வியாக மாற்றிக் கேட்டேன்.

'வயிற்றுப்புண், ரத்தக்கசிவு' என்ற வரிக்கு: அம்மாவுக்கு வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்துப் புண் இருக்கிறது என்று சொன்னார்களா? ரத்த வாந்தி எடுத்ததுண்டா? நம்மவர்கள் நெஞ்சு கரித்தாலே 'கேஸ்ட்ரிக்' என்பார்கள். அது எல்லாமே புண் ஆகாது. ஆனாலும் கேஸ்ட்ரிக் இருப்பதை மருந்தாளரிடம் சொல்லத்தான் வேண்டும்.

'இதயத் தசைக்கு ரத்த ஓட்டம் குறைந்த நோய்' என்ற வரிக்கு: இதயத்தில் 'ஸ்டென்ட்' வைத்திருக்கிறாரா, பைபாஸ் செய்தாரா? அதற்கடுத்த வரிகளுக்கு: பக்கவாதம் வந்ததுண்டா? சிறுநீரகம் மிகவும் பலவீனமாகிவிட்டது என்று மருத்துவர் சொன்னாரா?

'ஆஸ்பிரின் போன்ற மருந்துகளால் தூண்டப்படும் ஆஸ்துமா' என்ற வரிக்கு: எந்த வலி மாத்திரையாவது சாப்பிட்ட பிறகு மூச்சு இறுகியதா, உடம்பெல்லாம் தடித்ததா?

எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே பதில் வந்தது. தம்பி நிம்மதியாகத் தாளை மடிக்கப் போனார். அதற்குக் கீழே நான்கு வரி தள்ளி மற்ற மருந்துகள் பற்றிய குறிப்பு இருந்தது. "அம்மா தினமும் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்று கேட்டேன். கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினார். ரத்த அழுத்தத்திற்குப் பெரின்டோபிரில். கூடவே ஒரு நீர் மாத்திரை.

அந்த ஒரு வரி ஏன் முக்கியம்?

சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் பகுதிக்கு உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியே போகும் குழாய் ஒன்று. வடிகட்டுவதற்கு அங்கே ஓரளவு அழுத்தம் தேவை. பெரின்டோபிரில் வெளியே போகும் குழாயை விரிக்கும். நீர் மாத்திரை உடம்பில் ஓடும் நீரின் அளவைக் குறைக்கும். இந்த நிலையிலும் அழுத்தம் விழுந்துவிடாமல் இருக்க, உள்ளே வரும் குழாயை உடம்பே விரித்து வைத்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபெனாமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் அந்த விரிவைத் தடுத்துவிடும். உள்ளே வருவது குறைந்து, வெளியே போவது எளிதாகி, வடிகட்டும் அழுத்தம் சரிந்துவிடும். வயதானவர்களுக்கும் உடம்பில் நீர் வற்றியவர்களுக்கும் இதனால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். ரத்த அழுத்த மருந்தும் சரியாக வேலை செய்யாது.

"அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறதா?" என்று கேட்டேன். வீட்டுக்கு அழைத்துக் கேட்டார். இரண்டு நாளாகக் கணுக்காலில் வீக்கம். சிறுநீரும் குறைவாகப் போகிறது.

டைக்ளோஃபெனாக்கை உடனே நிறுத்தச் சொன்னேன். ரத்த அழுத்த மருந்துகளை அவராக நிறுத்தக்கூடாது என்றும் சொன்னேன். மறுநாள் காலையிலேயே வழக்கமாகப் போகும் அரசாங்கக் கிளினிக்கில் காட்டினார்கள். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் அளவு ஏறியிருந்தது. இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தது. முட்டிக்குப் பாராசிட்டமாலும் மேலே தடவும் ஜெல்லும் கொடுத்தார்கள். தடவும் ஜெல்லிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு.

தம்பி பயந்த மாரடைப்பும் கல்லீரலும் அந்த அம்மாவுக்கு வரவில்லை. வந்த ஆபத்து அவர் படிக்காமல் தாண்டிப்போன வரியில் இருந்தது.

பக்கவிளைவுகளை எப்படிப் படிப்பது?

பல தாள்களில் பக்கவிளைவுகளுக்கு முன் 'காமன்', 'ரேர்' போன்ற சொற்கள் இருக்கும். அவை பேச்சுவழக்குச் சொற்கள் அல்ல, அளவுகள். 'காமன்' என்றால் 100 பேரில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை. 'ரேர்' என்றால் 10,000 பேரில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை. 'வெரி ரேர்' என்றால் 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு. 'காமன்' என்று போட்டிருந்தாலும், சாப்பிடும் நூறு பேரில் குறைந்தது தொண்ணூறு பேருக்கு அது வருவதில்லை.

அதனால் பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அதை இரண்டாகப் பிரித்தால் போதும்: மருத்துவரிடம் அடுத்த முறை சொல்லலாம் என்பவை, உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. டைக்ளோஃபெனாக்கைப் பொறுத்தவரை லேசான குமட்டல், அஜீரணம், தலைசுற்றல் ஆகியவை முதல் வகை. மலம் தார் போலக் கறுத்துப் போவது, காப்பித்தூள் போன்ற வாந்தி, முகமும் உதடும் வீங்கி மூச்சு இறுகுவது, தோலில் கொப்புளம் எழுந்து உரிவது, நெஞ்சுவலி ஆகியவை இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகையைப் பேனாவால் வட்டமிட்டு, தாளை மருந்தோடே வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் சாப்பிட வேண்டிய ரத்த அழுத்த மருந்தையோ இனிப்பு நீர் மருந்தையோ பட்டியலைப் பார்த்துப் பயந்து நிறுத்துவது வேறு விதமான ஆபத்து. சந்தேகம் வந்தால் நிறுத்துவதற்கு முன் கேளுங்கள்.

தாளில் இல்லாததும் உண்டு

உலகத்துக்கே பொதுவாக எழுதப்படும் தாளில் நம் ஊர் நிலைமை எப்போதும் இருக்காது. காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் வீட்டில் இருக்கிற வலி மாத்திரையை எடுப்பது நம் வழக்கம். அது டிங்கியாக இருந்தால் ரத்தத்தட்டுகள் குறைந்துகொண்டிருக்கும் நேரத்தில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவுக்கு வழிவிடும். டிங்கி இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமால் மட்டுமே, அதுவும் சொன்ன அளவில்.

இன்னொன்று, தனியார் கிளினிக்குகளில் மாத்திரையைச் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பார்கள். தாள் இருக்காது. பையின் மேல் மருந்தின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பெயரை வைத்து npra.gov.my தளத்தில் மருந்தைத் தேடலாம். பயனீட்டாளர் தாள் உள்ள மருந்தாக இருந்தால் அதையும் அங்கே படிக்கலாம்.

தேட நேரமில்லையென்றால் மருந்து வாங்கும்போதே, நீங்கள் தினமும் சாப்பிடும் மருந்துகளின் படத்தைக் கைப்பேசியில் காட்டிக் கேளுங்கள்: "இதையெல்லாம் சாப்பிடுகிற நான் இந்த மருந்தைச் சாப்பிடலாமா?" எதற்கு இந்த மருந்து என்று எங்களிடம் பலர் கேட்கிறார்கள். தனக்கு இது ஆகுமா என்று கேட்பவர்கள் குறைவு.