ஐஸா, கண்களா?

தலைவர்களுக்கு ‘இசட் பிளஸ்’ பாதுகாப்பு என்று செய்தித்தாள் எழுதுகிறது. ஆங்கில அரிச்சுவடியின் கடைசி எழுத்து தமிழில் ‘இசட்’. அதே எழுத்தில் தொடங்கும் சுழியம் மட்டும் ‘ஜீரோ’. ஒரே ஒலி ஓரிடத்தில் சகரமாகவும் இன்னோரிடத்தில் ஜகரமாகவும் மாறிவிடுகிறது. அஜீஸ் என்ற பெயரில் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். அரபியில் அந்தப் பெயரில் ஒரே மெய்யொலி இரண்டு முறை வருகிறது. தமிழில் அது நடுவில் ‘ஜ’, கடைசியில் ‘ஸ்’.

தமிழில் அந்த ஒலி இல்லை. வசதிக்காக அதை இங்கே ‘ஃஜ’ என்று எழுதிக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது அரிய ஒலி என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அரிச்சுவடியின் கடைசி எழுத்து அதிகம் வருவதில்லைதான். ஆனால் ‘இஸ்’, ‘வாஸ்’, ‘ஹிஸ்’ என்று நாம் சொல்லும் அன்றாடச் சொற்கள் எல்லாமே ஃஜ் ஒலியில்தான் முடிகின்றன. பேனாக்கள், நாய்கள், நாட்கள் என்று பன்மை காட்டும் ஆங்கிலச் சொற்களின் கடைசி ஒலியும் அதுவே. எழுத்தில் ‘எஸ்’ இருப்பதால் கண் ஏமாறுகிறது, கண்ணை நம்பி நாக்கும் ஏமாறுகிறது.

இதைச் சரிசெய்ய உச்சரிப்பு வகுப்புகளில் ஒரு பழைய முறை உண்டு. ஓர் ஒலி மட்டும் மாறி, பொருளும் மாறிவிடும் இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வார்கள். தமிழில் மலை, மழை போல. மொழியியலில் இதற்கு மினிமல் பேர் என்று பெயர். ஆன் பேக்கர் 1977-இல் வெளியிட்ட ‘ஷிப் ஆர் ஷீப்’ என்ற பாடநூல் தலைப்பிலேயே அப்படியொரு இணையைத் தாங்கி நிற்கிறது: கப்பலா, செம்மறியா? ஃஜ ஒலிக்கு விலை–பரிசு, ஐஸ்–கண்கள், பேருந்து–ரீங்காரம், பந்தயக்காரர்–சவரக்கத்தி ஆகிய நான்கு இணைகளும் நன்றாக உதவும். இவற்றின் ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இணைக்கு ஒரே எழுத்துக்கூட்டல்தான் கிடைக்கும்: பிரைஸ், ஐஸ், பஸ், ரேசர். அதனால்தான் பயிற்சி அட்டையில் சொல்லை எழுதக் கூடாது, படம் வரைய வேண்டும்.

பயிற்சியைப் பேச்சில் தொடங்குவது பலரும் செய்யும் தவறு. காது பிரித்தறியாத ஒன்றை வாய் சரியாகச் சொல்லிவிட்டதா என்று சொல்பவருக்கே தெரியாது. ஆகவே முதலில் கேட்க வேண்டும். மேசையில் ஐஸ்கட்டியின் படம் ஒன்று, இரண்டு கண்களின் படம் ஒன்று. ஆசிரியை ஒரு சொல்லைச் சொல்கிறார், மாணவி படத்தைத் தொட வேண்டும்.

“டீச்சர், ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது” என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். 

இருபது முறை சொல்லி எண்ணிக்கொள்ள வேண்டும். பத்து, பதினொன்று சரியாக வந்தால் அது காசைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். காது இன்னும் திறக்கவில்லை. பதினெட்டு வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். சொற்களை ‘ஐஸ், கண், ஐஸ், கண்’ என்று மாற்றி மாற்றிச் சொன்னால் எண்ணிக்கை பொய்யாகிவிடும். மாணவி ஒலியைக் கேட்காமல் வரிசையைப் பிடித்துக்கொள்வாள். ஒரே சொல் தொடர்ந்து மூன்று முறைகூட வர வேண்டும். ஒரே குரலும் போதாது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜப்பானியர்களுக்கு ஆங்கில ரகர, லகர ஒலிகளைப் பிரித்துக் கேட்கப் பயிற்சி கொடுத்தார்கள். 1991-இலும் 1993-இலும் வெளியான அந்த ஆய்வுகளில், பல குரல்களைக் கேட்டுப் பழகியவர்களால் புதிய குரலிலும் வேறுபாட்டைப் பிடிக்க முடிந்தது. ஒரே குரலில் பழகியவர்களுக்குப் புதிய குரல் வந்ததும் தடுமாற்றம்தான்.

சரி, அந்த இரண்டு சொற்களில் காது எதைத்தான் தேட வேண்டும்? 

முடிவில் வரும் மெய்யைத் தேடினால் கிடைக்காது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே சொல்லின் கடைசியில் வரும் ஃஜ் ஒலியைப் பாதி குரலோடு, மெலிதாகத்தான் விடுகிறார்கள். உண்மையான வேறுபாடு அதற்கு முன்னால் வரும் உயிரில் இருக்கிறது. ஐஸ்கட்டியில் ‘ஐ’ சட்டென்று முடிகிறது, சீறல் நீள்கிறது. கண்களில் ‘ஐ’ நீள்கிறது, சீறல் சுருங்குகிறது. இந்த இடத்தில் தமிழருக்குப் பெரிய வசதி உண்டு. குறிலையும் நெடிலையும் பிரித்தே வளர்ந்த காது இது. பள்ளியில் படித்த ஐகாரக் குறுக்கம் நினைவிருந்தால் இன்னும் நல்லது: ஐஸ்கட்டிக்குக் குறுகிய ஐ, கண்களுக்கு முழு ஐ. “கடைசி எழுத்தை விடு மா, ஐ எவ்வளவு நேரம் வருதுன்னு மட்டும் கேளு” என்று சொன்னால் பலருக்கு இரண்டும் உடனே பிரிந்துவிடும். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளரும் 2000-இல் வெளியிட்ட நூலில், பல நாட்டவர் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசும்போது புரிதலுக்கு அவசியமானவற்றில் இந்த உயிர் நீளத்தைச் சேர்த்தார்.

பிறகு வாய்ப் பயிற்சி. தொண்டைக் குமிழில் இரண்டு விரல்களை வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்ட வேண்டும். விரலில் ஒன்றும் தெரியாது. நாக்கை இம்மியும் அசைக்காமல் அப்படியே குரலைச் சேர்த்தால் விரலில் அதிர்வு வரும். அந்த நொடியில் வருவதுதான் ஃஜ். குரல் சேரும்போது நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்வதுதான் தமிழர் வாயில் வழக்கமாக நடக்கும் பிசகு. ஒட்டினால் ஜகரம் பிறந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒலியை மூன்று நொடி நீட்டிப் பார்க்க வேண்டும். ஃஜ் நீளும். ஜகரம் நீளாது, ஏனென்றால் அதில் மூச்சு முதலில் முழுதாக அடைபட்டுத் திறக்கிறது. இதற்கான இணை, மண்டலங்களைக் குறிக்கும் ‘ஃஜோன்ஸ்’ என்ற சொல்லும் ஜோன்ஸ் என்ற குடும்பப் பெயரும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிசகு உண்டு. தொண்டை அதிர வேண்டுமே என்று சிலர் கடைசி ஒலியை அழுத்துவார்கள். ‘பஸ்ஸு’ என்று முடிக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்ள, கண்கள் ‘ஐஃஜு’ ஆகிவிடும். அங்கே திருத்த வேண்டியது மெய்யை அல்ல. உயிரை நீட்டி, கடைசியை மெலிதாக விட்டுவிட்டால் உகரம் தானே உதிர்ந்துவிடும்.

எல்லா ஃஜ் ஒலிக்கும் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. ‘இஸ்’ என்பதை ஸகரத்தோடு சொன்னால் யாருக்கும் குழப்பம் வரப்போவதில்லை. குழப்பம் வரக்கூடிய வாக்கியத்தில்தான் பயிற்சிக்குப் பலன். “விலை என்ன?”, “பரிசு என்ன?” என்ற இரண்டு ஆங்கிலக் கேள்விகளும் ஓர் ஒலியில் மட்டும் வேறுபடுகின்றன. சூழலும் காட்டிக்கொடுக்காது. மாணவி ஏதாவது ஒன்றை மனத்தில் வைத்துக் கேட்கிறாள். எதிரில் இருப்பவர் தன் காதில் விழுந்ததற்கே பதில் சொல்ல வேண்டும்: விலை என்று கேட்டால் “ஐம்பது ரூபாய்”, பரிசு என்று கேட்டால் “சைக்கிள்”. பரிசை நினைத்துக் கேட்டவளுக்கு ஐம்பது ரூபாய் என்று பதில் வந்தால், அவள் வாயில் ஐ குறுகிவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை அதை மட்டும் நீட்டிக் கேட்டுப் பார்க்கலாம்.