அட்டையில் 12 வயது, மண்டபத்தில் 17 வயது
தேர்வு மண்டபத்தில் முகத்தை எப்படிச் சரிபார்க்கிறார்கள்? சந்தேகம் வந்தால் என்ன நடக்கும்?

எஸ்.பி.எம். தேர்வு எழுதும் மாணவர் மேசையின் ஓரத்தில் இரண்டு பொருள்களை வைக்கிறார். ஒன்று தேர்வுப் பதிவுச் சீட்டு, மற்றொன்று மைகார்டு. கண்காணிப்பாளர் வரிசையாக நடந்து வந்து பெயரையும் எண்ணையும் வருகைப் பட்டியலோடு ஒப்பிட்டு, அட்டையில் உள்ள படத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறார். ஒருவருக்குச் சில விநாடிகள்தான் கிடைக்கும்.

அந்தப் படம் எப்போது எடுத்தது என்று யோசித்திருக்கிறீர்களா? மலேசியாவில் 12 வயதில் மைகார்டு எடுக்கிறோம். 18 வயது ஆன பிறகுதான் புதிய படத்துடன் அதை மாற்ற வேண்டும். இடையில் அட்டை தொலைந்தாலோ பழுதானாலோ ஒழிய, ஐந்தாம் படிவ மாணவர் கொண்டுவருவது ஆறாம் ஆண்டில் படித்தபோது எடுத்த படத்தைத்தான். சிங்கப்பூரில் 15 வயதில் அடையாள அட்டை எடுப்பதால், சாதாரண நிலைத் தேர்வு எழுதும் 16 வயது மாணவரின் படம் ஓராண்டுதான் பழையது. மலேசிய மாணவருக்கோ ஐந்து ஆண்டு இடைவெளி. முகம் மிக வேகமாக மாறும் ஐந்து ஆண்டுகள் அவை.

இந்த வயதில் கீழ்த்தாடை நீள்கிறது, மூக்கு வளர்கிறது, கன்னத்தின் குழந்தைச் சதை குறைகிறது. பையன்களுக்குப் புருவ எலும்பு எடுப்பாகி மீசை அரும்புகிறது. இதற்குமேல் மூக்குக்கண்ணாடி, பல்லில் கம்பி, முடி அலங்காரம், எடை மாற்றம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே, படத்தைப் போல் ஒரு மாணவர் தெரியவில்லை என்றால் அதில் வியப்பு எதுவும் இல்லை.

தெரிந்த முகம், தெரியாத முகம்

“என் நண்பனை எந்தப் பழைய படத்திலும் கண்டுபிடித்துவிடுவேனே” என்று உங்களுக்குத் தோன்றலாம். நீங்கள் கண்டுபிடிப்பீர்கள், ஏனென்றால் அவர் உங்களுக்குத் தெரிந்தவர். எஸ்.பி.எம். மண்டபக் கண்காணிப்பாளர்கள் பொதுவாக வேறு பள்ளி ஆசிரியர்கள். அவர்களுக்கு நீங்கள் முன்பின் தெரியாத முகம். மனித மூளை இந்த இரண்டு வேலைகளையும் ஒரே மாதிரி செய்வதில்லை.

பிரிட்டனில் 2011ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதை எளிமையாகக் காட்டியது. நெதர்லாந்தில் புகழ்பெற்ற இரண்டு பெண்களின் படங்கள், ஆளுக்கு 20 வீதம் மொத்தம் 40, ஒன்றாகக் கலந்து கொடுக்கப்பட்டன. ஒரே ஆளின் படங்களை ஒரே கட்டாகப் பிரிக்க வேண்டும். எத்தனை பேர் என்று சொல்லவில்லை. அவர்களை அறியாத பிரிட்டன் மக்கள் சராசரியாக ஏழெட்டுக் கட்டுகள் அடுக்கினார்கள். அந்தப் பெண்களை நன்கு அறிந்த நெதர்லாந்துக்காரர்களோ தயக்கமில்லாமல் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். தெரியாத ஒருவரின் வெவ்வேறு படங்கள் நமக்கு வெவ்வேறு ஆட்களாகவே தெரிகின்றன.

பயிற்சி பெற்றவர்கள் தவறமாட்டார்களா? ஆஸ்திரேலியக் கடப்பிதழ் அதிகாரிகள் 30 பேரை வைத்து நடந்த சோதனை 2014இல் வெளியானது. எதிரே நிற்கும் ஆளையும் கையில் உள்ள படத்தையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். வேறொருவரின் படத்தோடு வந்தவர்களில் 14 விழுக்காட்டினரை “இவர்தான்” என்று ஏற்றுக்கொண்டார்கள். சொந்தப் படத்தோடு வந்தவர்களில் 6 விழுக்காட்டினரை “இவர் இல்லை” என்று மறுத்தார்கள். அந்த வேலையில் நீண்டகாலம் இருந்தவர்கள் புதியவர்களைவிடச் சிறப்பாகச் செய்யவும் இல்லை.

இந்த எண்களை நம் மண்டபத்துக்குக் கொண்டுவந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 பேர் தேர்வு எழுதுகிறார்கள், அதில் ஒரே ஒருவர் ஆள்மாறாட்டம் செய்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 999 பேரில் 6 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 60 பேர் மீது வீண் சந்தேகம் வரும். அந்த ஒருவரும் கண்ணில் பட்டால் மொத்தம் 61 பேர். அதாவது, சந்தேகத்துக்கு ஆளான 61 பேரில் 60 பேர் குற்றமற்ற மாணவர்கள். படம் ஐந்து ஆண்டு பழையது என்றால் அந்த 60 இன்னும் கூடலாம்.

இதனால்தான் “முகம் வேறாகத் தெரிகிறது” என்பதை மட்டும் வைத்து ஒருவரை வெளியே அனுப்புவது நியாயம் ஆகாது. அது மேற்கொண்டு விசாரிப்பதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான்.

சந்தேகம் வந்தால்...

17 வயது மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அட்டையில் உருண்டை முகம், நெற்றியை மறைக்கும் முடி, கண்ணாடி இல்லை. எதிரே இருப்பவருக்கு நீள முகம், இழுத்துக் கட்டிய கூந்தல், கண்ணாடி. கண்காணிப்பாளர் தயங்குகிறார்.

முதலில் அவர் மாணவியை நிமிர்ந்து பார்க்கச் சொல்ல வேண்டும். குனிந்து எழுதும் முகத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கண்ணாடியைக் கழற்றச் சொல்லலாம், காதை மறைக்கும் முடியை ஒதுக்கச் சொல்லலாம். காது ஏன்? முகத்தை மொத்தமாகப் பார்த்து “அதே மாதிரி இருக்கிறதா” என்று கேட்பதைவிட, உறுப்பு உறுப்பாக ஒப்பிடும்போது தவறு குறைகிறது. அப்படி ஒப்பிடுகையில் அதிகம் உதவுபவை காதின் வடிவமும் மச்சம், தழும்பு போன்ற அடையாளங்களும். முடியும் கன்னமும் மாறும். காதின் மடிப்பு அவ்வளவு எளிதில் மாறாது.

அப்படியும் தெளியவில்லை என்றால் செய்தி தலைமைக் கண்காணிப்பாளரிடம் போகிறது. ஒரே கண்ணை நம்பாமல் இரண்டாவது கண் பார்ப்பது இதன் பயன். அவர் பிறந்த தேதி, முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவற்றைக் கேட்கலாம். ஆனால் இவற்றை யாரும் மனப்பாடம் செய்துகொண்டு வர முடியும். நான்காம் படிவத்தில் வகுப்பாசிரியர் யார், எந்தத் தொடக்கப்பள்ளியில் படித்தாய் என்பன போன்ற எதிர்பாராத கேள்விகளே அதிகம் சொல்லும்.

இதைவிட உறுதியான வழி, மாணவியைத் தெரிந்த ஒருவரை அழைப்பது. பள்ளியில் எழுதும் மாணவருக்கு இது பெரிய பாதுகாப்பு. பள்ளியின் தேர்வுச் செயலாளரோ வகுப்பாசிரியரோ வந்து பார்த்தால் ஒரு நொடியில் விஷயம் முடிந்துவிடும். நெதர்லாந்துக்காரர்கள் இரண்டே கட்டாகப் பிரித்தார்களே, அதே காரணம்தான். தனியார் தேர்வருக்கு இப்படி அடையாளம் சொல்ல ஆள் இருக்காது. அவர்களுக்குப் படம் உள்ள இன்னோர் ஆவணம், கடப்பிதழ் அல்லது வாகன உரிமம், கைகொடுக்கும்.

இந்தச் சோதனையை எல்லோர் முன்னிலையிலும் நடத்தத் தேவையில்லை. பிரிட்டனின் தேர்வு வாரியங்களுக்கான கூட்டு மன்றம் இதற்கு எழுத்திலேயே விதி வைத்திருக்கிறது. முகத்திரை அணிந்து வரும் மாணவியை, பெண் அலுவலர் ஒருவர் தனி அறைக்கு அழைத்துச் சென்று முகத்தைப் பார்க்க வேண்டும். அடையாளம் உறுதியானதும் அவர் திரையை மீண்டும் அணிந்து தேர்வு எழுதலாம்.

அப்போதும் ஐயம் தீராவிட்டால், நியாயமான வழி தேர்வை எழுதவிட்டு நடந்ததை அறிக்கையாகப் பதிவு செய்வதுதான். தேர்வு நேரத்தைத் திருப்பித் தர முடியாது. அடையாளத்தையோ பிறகும் உறுதிசெய்யலாம். மைகார்டின் சில்லில் இரண்டு கட்டைவிரல் ரேகைகள் பதிவாகி இருக்கின்றன. முகம் மாறினாலும் ரேகை மாறாது. விடைத்தாளில் உள்ள கையெழுத்தை மற்றப் பாடத் தாள்களோடு ஒப்பிடலாம். விசாரணை முடியும்வரை முடிவை நிறுத்தி வைக்கலாம்.

படமும் ஆளும் பொருந்தினால் போதுமா?

இதுவரை பார்த்தது நேர்மையான மாணவர் வேறாகத் தெரியும் சிக்கல். இதற்கு நேர்மாறான ஒன்றும் இருக்கிறது. மண்டபத்தில் முகமும் படமும் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் ஆள் வேறு.

2019இல் தமிழ்நாட்டில் இது வெளிச்சத்துக்கு வந்தது. தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த ஒரு மாணவர் மீது மின்னஞ்சலில் புகார் வந்தது. கல்லூரி அவருடைய நீட் தேர்வு ஆவணங்களை எடுத்துப் பார்த்தபோது, நுழைவுச் சீட்டில் இருந்த படம் வகுப்பில் இருந்த மாணவருடையதாக இல்லை. அவர் பெயரில் மும்பையில் வேறொருவர் தேர்வு எழுதியிருந்தது விசாரணையில் தெரியவந்தது. வழக்கு குற்றப்பிரிவுக் குற்றப் புலனாய்வுத் துறைக்குப் போனது, மாணவர் கைது செய்யப்பட்டார்.

இங்கே மண்டபத்தில் கண்காணிப்பாளர் எவ்வளவு கவனமாக ஒப்பிட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. சீட்டில் இருந்த முகமே தேர்வு எழுதியவரின் முகம்தான். மோசடி நடந்தது விண்ணப்பத்தில் படம் ஒட்டும் இடத்தில். அகப்பட்டது படத்தையும் மாணவரையும் மறுபடி ஒப்பிட்ட இடத்தில்.

எனவே ஒப்பீடு மண்டபத்தோடு முடிந்துவிடக் கூடாது. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் மையத்தில் எடுக்கும் படம் மதிப்பெண் சான்றிதழிலேயே அச்சாகிறது. மாணவரைச் சேர்க்கும் பல்கலைக்கழகம் அதைப் பார்த்து, வந்திருப்பவர் அவர்தானா என்று கேட்க முடியும். எஸ்.பி.எம். தேர்வில் இந்தப் பிரச்சினை குறைவதற்கு ஒரு காரணம், மாணவரின் சொந்தப் பள்ளியே பெரும்பாலும் தேர்வு மையமாகவும் இருப்பது. வேற்று முகம் ஒன்று வந்து அமர்ந்தால் பக்கத்து மேசையில் இருக்கும் வகுப்புத் தோழருக்கே தெரிந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 18 வயது ஆனதும் மைகார்டை மாற்றிவிடுங்கள். 19 வயதில் எஸ்.டி.பி.எம். எழுதப் போகும்போது ஏழு ஆண்டு பழைய முகத்தைக் காட்ட வேண்டியிருக்காது. விபத்து, நோய், அறுவைச் சிகிச்சை போன்ற காரணத்தால் முகம் பெரிதும் மாறியிருந்தால், தேர்வுக்கு முன்பே பள்ளியின் தேர்வுச் செயலாளரிடம் சொல்லி மருத்துவச் சான்றைக் கொடுத்து வையுங்கள். தனியார் தேர்வர் என்றால் படமுள்ள இரண்டாவது ஆவணம் ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

கண்காணிப்பாளர் உங்கள் மேசையில் சற்று அதிக நேரம் நின்றால் பேனாவைக் கீழே வைத்து நிமிர்ந்து பாருங்கள். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். நேரம் வீணானால் அதைத் தலைமைக் கண்காணிப்பாளரிடம் அப்போதே, தேர்வு முடிவதற்கு முன்பே சொல்லி, நடந்ததை அறிக்கையில் பதியச் சொல்லுங்கள். பிறகு முறையிட நேர்ந்தால் அந்தப் பதிவுதான் உங்களுக்காகப் பேசும்.